ஆறு விரலுக்கும் கிரெடிட் உண்டு

தம்பி மகன் ஒரு சின்ன டிபன் கடைக்கு விளம்பர வீடியோ செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஏஐ வீடியோ தளம் ஒன்றில் மாதச் சந்தா கட்டியிருந்தான். கேமரா வேண்டாம், லைட் வேண்டாம், எழுதினால் போதும், படம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. மூன்றாம் நாள் இரவு போன் செய்தான்.

"பெரியப்பா, ஒரு மாச கிரெடிட் மொத்தமும் காலி. கையில இருக்கறது நாலு செகண்ட்."

"மத்ததெல்லாம் ஃபெயில் ஆயிடுச்சா?"

"அதுதான் கொடுமை. எதுவுமே ஃபெயில் ஆகல. எல்லாத்துக்கும் நேரா 'Completed'னு போட்டிருக்கான்."

மறுநாள் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு துண்டில் காபி டபராவிலிருந்து டம்ளருக்கு விழாமல், டம்ளரிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் மாஸ்டரின் வலது கையில் ஆறு விரல். அடுத்ததில் தோசைக் கரண்டி கல்லுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. கடையின் பெயர்ப்பலகை தமிழ் மாதிரி இருந்தது, தமிழாக இல்லை. இவை அனைத்துக்கும் முழு கிரெடிட் கழிந்திருந்தது. அவன் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒவ்வொன்றும் தளத்தின் கணக்கில் ஒழுங்காக முடிந்த வேலை.

இந்தக் கோளாறு அவன் சேர்ந்த தளத்துக்கு மட்டும் உரியதில்லை. இந்தத் துறையின் கட்டண முறையே இப்படித்தான். சந்தா கட்டுவதற்கு முன் பார்க்கிற விலைப் பக்கத்தில் மாதம் இத்தனை கிரெடிட், அதற்கு இத்தனை விநாடி வீடியோ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அந்த விநாடிகள் இயந்திரம் உருவாக்கித் தரும் விநாடிகள். நாம் வீடியோவில் வைத்துக்கொள்ளும் விநாடிகள் வேறு. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கணக்குப் போடாமல் எந்தத் திட்டத்தையும் வாங்கக் கூடாது.

முதலில், ஒரு துண்டு ஏன் ஐந்து விநாடி, எட்டு விநாடி, பத்து விநாடி என்று குட்டையாகவே இருக்கிறது என்று பார்ப்போம். விநாடிக்கு 24 சட்டகம் என்றால் ஐந்து விநாடிக்கு 120 படங்கள். இயந்திரம் இவற்றை முதல் படம், இரண்டாவது படம் என்று வரிசையாக வரைவதில்லை. பழைய டிவியில் சிக்னல் போனதும் தெரியுமே, அந்தப் புள்ளி மழை போன்ற ஒரு குழப்பத்தில் ஆரம்பித்து, துண்டு முழுவதையும் சேர்த்து வைத்துக்கொண்டு, படிப்படியாகத் தெளிவாக்குகிறது. ஒரு சட்டகத்தில் இருக்கும் முகம் அடுத்த சட்டகத்திலும் அதே முகமாக இருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு பகுதியையும் மற்ற எல்லாப் பகுதிகளோடும் ஒப்பிட்டபடியே வேலை நடக்கிறது. ஆகவே நீளம் இரட்டிப்பானால் வேலையும் இரட்டிப்பாவதோடு நின்றுவிடாது, அதற்கு மேலும் ஏறும். விலை உயர்ந்த ஜிபியு அட்டைகள் அத்தனை நேரமும் அந்த ஒரு துண்டுக்காகவே ஓடிக்கொண்டிருக்கும்.

படத்தின் அளவும் இதே கணக்கில்தான் வருகிறது. 720p என்றால் ஒரு சட்டகத்தில் 9,21,600 புள்ளிகள். 1080p என்றால் 20,73,600. அதாவது இரண்டேகால் மடங்கு. நீளத்தையும் கூட்டி, தெளிவையும் கூட்டினால் செலவு எங்கோ போய் நிற்கும் என்பதால், பல நிறுவனங்கள் இரண்டில் ஒன்றைத்தான் தருகின்றன. சீனாவின் ஹைலுவோ 02 மாடலில் 1080p கேட்டால் ஆறு விநாடிதான். பத்து விநாடி வேண்டுமென்றால் 768p-க்கு இறங்க வேண்டும். கூகுளின் வியோ 3.1 மாடலில் ஒரு துண்டை ஏழு ஏழு விநாடியாக நீட்டிக்கொண்டே போகலாம், ஆனால் அந்த வசதி 720p-இல் மட்டும்தான்.

சந்தாத் தட்டைப் பொறுத்தும் கூரை மாறும். 2024 டிசம்பரில் ஓபன்ஏஐ சோராவை வெளியிட்டபோது மாதம் 20 டாலர் சந்தாக்காரருக்கு 720p, ஐந்து விநாடி. 200 டாலர் கட்டுகிறவருக்கு 1080p, இருபது விநாடி. சாப்பாட்டுக் கடையில் அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டு பலகை இருக்குமே, அதே ஏற்பாடு.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். விலைப் பட்டியலில் '4K' என்று இருந்தால், வீடியோ 4K-இல் பிறக்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் 720p-இல் பிறந்ததை அப்ஸ்கேல் செய்து, அதாவது பெரிதாக்கித் தருகிறார்கள். அப்ஸ்கேல் மலிவான வேலை, அதனால் அதற்குக் கிரெடிட்டும் குறைவு. விளிம்புகள் கூர்மையாகும், பெரிய திரையில் பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் ஆறாவது விரலை அது எடுத்துவிடாது. ஆறு விரலையும் இன்னும் தெளிவாகக் காட்டும். அதனால் இறுதியாகத் தேர்ந்தெடுத்த துண்டுகளை மட்டும் கடைசியில் அப்ஸ்கேல் செய்ய வேண்டும். போனில் மட்டும் பார்க்கப்படும் ரீல்ஸ் என்றால் 720p-இலேயே விட்டுவிடலாம். பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது.

இப்போது எண்களுக்கு வருவோம். நியூயார்க்கைச் சேர்ந்த ரன்வே நிறுவனத்தின் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே கணக்கு விநாடிக்கு இத்தனை கிரெடிட் என்று நேராக இருப்பதால் விளக்க எளிது. இவை 2025-ஆம் ஆண்டு நிலவரம். இந்தத் துறையில் விலை அடிக்கடி மாறும் என்பதால் எண்ணை விட்டுவிட்டுக் கணக்குப் போடும் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரன்வேயின் ஸ்டாண்டர்டு திட்டத்துக்கு மாதம் 15 டாலர், அதில் 625 கிரெடிட். ஜென்-4 மாடலில் விநாடிக்கு 12 கிரெடிட். வேகமான, கொஞ்சம் தரம் குறைந்த ஜென்-4 டர்போ மாடலில் விநாடிக்கு 5. துண்டு ஐந்து விநாடி அல்லது பத்து விநாடி. இரண்டு மாடலும் ஒரு நிழற்படத்தைக் கொடுத்தால் அதிலிருந்து அசைவை உண்டாக்கும் வகை. அந்த நிழற்படத்தையும் அங்கேயே உருவாக்கலாம். 720p படம் ஒன்றுக்கு 5 கிரெடிட். 4K-க்குப் பெரிதாக்க விநாடிக்கு 2 கிரெடிட். மாதம் முடிந்தால் மீதி கிரெடிட் அடுத்த மாதத்துக்கு வராது.

625-ஐ 5-ஆல் வகுத்தால் 125. பதினைந்து டாலருக்கு 125 விநாடி என்றால் விநாடிக்கு 12 சென்ட். கேட்கவே இனிக்கிறது. ஜென்-4 என்றால் 52 விநாடி, அதுவும் மோசமில்லை. தம்பி மகன் சந்தா கட்டுவதற்கு முன் போட்டதும் இதே மாதிரி வகுத்தல்தான்: முப்பது விநாடி விளம்பரத்துக்கு ஐம்பது விநாடி தாராளம் என்று.

ஆனால் முப்பது விநாடி விளம்பரம் என்பது முப்பது விநாடி நீளமான ஒரே ஷாட் அல்ல. மூன்று மூன்று விநாடியாகப் பத்து ஷாட் என்று வைத்துக்கொள்வோம். காபி ஊற்றுவது, தோசை திருப்புவது, இலை போடுவது, குழந்தை சிரிப்பது, கடை வாசல் என்று போகும். மூன்று விநாடி ஷாட் வேண்டும் என்றாலும் தளத்தில் மூன்று விநாடிக்குப் பொத்தான் கிடையாது. ஐந்து விநாடிதான் குறைந்த அளவு, ஐந்துக்கும் காசு. துணிக்கடையில் ஒன்றேகால் மீட்டர் கேட்டால் ஒன்றரையாக வெட்டித் தருவது போல. ஆகப் பத்து ஷாட்டுக்கு ஐம்பது விநாடி. ஜென்-4-இல் 600 கிரெடிட். ஒரு மாதத் திட்டம் முடிந்தது, மிச்சம் 25. எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக வந்தால்தான் இந்தக் கணக்கு.

வராது. ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக நான்கு தடவை முயன்றால் 2,400 கிரெடிட். அது 35 டாலர் கட்டிப் பெறும் ப்ரோ திட்டத்தின் 2,250 கிரெடிட்டையும் தாண்டிவிடும். நான்கு தடவை என்பது அதிகமாகத் தோன்றலாம். கையும் திரவமும் வரும் ஷாட்டுகளில் அது குறைவு. இயந்திரத்துக்கு விரல் எத்தனை என்ற கணக்கு தெரியாது, காபி கீழ்நோக்கி விழும் என்ற அறிவும் தனியாகக் கிடையாது. பார்த்துப் பழகிய படங்களைப் போல ஒன்றை வரைகிறது, அவ்வளவே. ஆற்றும்போது காபி மேலிருந்து கீழே இறங்கும், டம்ளர் நிறையும், டபரா காலியாகும் என்ற மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்தி வர வேண்டும். மலை, மேகம், தெரு, நடந்து போகும் கூட்டம் போன்றவை இரண்டு முயற்சியில் வந்துவிடும். காபி ஆற்றுவது பத்து முயற்சியிலும் வராமல் போகலாம்.

இங்கேதான் 'ஃபெயில்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் ஒரே சொல்லில் சொல்வதை நிறுவனங்கள் வேறு வேறு கணக்கில் எழுதுகின்றன.

சர்வர் பக்கத்தில் கோளாறு, வேலை பாதியில் நின்று வீடியோவே வரவில்லை என்றால் அது அவர்கள் கணக்கிலும் ஃபெயில். பொதுவாகக் கழித்த கிரெடிட் திரும்பி வந்துவிடும். சில தளங்களில் உடனே வரும், சிலவற்றில் சிறிது நேரம் கழித்து வரும். 99 சதவீதத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும் வேலைதான் இதில் தலைவலி. அது முடியவும் இல்லை, தோற்கவும் இல்லை என்பதால் கிரெடிட் நடுவில் தொங்கும். பொறுமை இழந்து மறுபடி பொத்தானை அழுத்தினால் இரண்டாவது வேலைக்கும் கழியும். பிறகு முதலாவதும் முடிந்து வந்து நிற்கும்.

அடுத்தது தடுப்பு வடிகட்டி. பிரபலங்களின் முகம், ரத்தம், குழந்தைகள் தொடர்பான சில சொற்கள் என்று தளம் மறுக்கும் விஷயங்கள் உண்டு. சில நேரம் நாம் எழுதியதைப் படித்தவுடனே மறுத்துவிடும். அப்போது எதுவும் ஓடவில்லை, பெரும்பாலும் கழிவதும் இல்லை. ஆனால் சில நேரம் வீடியோவை உருவாக்கி முடித்தபின் அதைப் பார்த்துவிட்டு மறுக்கும். இயந்திரம் ஓடிவிட்டது, நம் கையில் வீடியோ இல்லை. இதை யார் கணக்கில் எழுதுவது என்பதில் தளத்துக்குத் தளம் விதி மாறும். கூகுள், ஜெமினி ஏபிஐ வழியாக வியோவைப் பயன்படுத்துவோருக்கு, வடிகட்டியாலோ ஒலிப் பகுதியில் வந்த சிக்கலாலோ வீடியோ தடுக்கப்பட்டால் கட்டணம் இல்லை என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. இப்படி ஒரு வரி நீங்கள் சேரப்போகும் தளத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். கண்ணில் படவில்லை என்றால் கழிப்பார்கள் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதுதான் ஆறு விரல். வீடியோ வந்தது, ஓடுகிறது, நமக்குப் பிடிக்கவில்லை. இதற்கு கிரெடிட் திரும்பி வராது என்பதுதான் துறையின் பொது நடைமுறை. நியாயமா என்றால், அவர்கள் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. நல்ல துண்டுக்கும் கெட்ட துண்டுக்கும் ஜிபியு ஓடிய நேரம் ஒன்றே. பிடிக்கவில்லை என்று சொன்னால் பணம் திரும்பும் என்றால் எல்லோரும் வீடியோவை இறக்கிக்கொண்டு பிடிக்கவில்லை என்பார்கள். ஆனாலும் டபராவுக்கு மேலே ஏறும் காபியை முழு வேலை என்று எழுதிவிட்டு, விலைப் பக்கத்தில் '125 விநாடி' என்று விளம்பரம் செய்வது எனக்கு உறுத்துகிறது. குறைந்தது எத்தனை முயற்சிக்கு ஒன்று தேறும் என்ற அனுபவக் கணக்கையாவது பக்கத்தில் போடலாம். இதுவரை எந்த விலைப் பக்கத்திலும் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

'Regenerate' என்ற பொத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரைப் பார்த்தால் முன்பு செய்ததைத் திருத்தித் தருவது போலத் தோன்றும். திருத்தம் எதுவும் நடக்காது. அது புதிதாக இன்னொரு துண்டு, முழு விலை. அதே வாக்கியத்தைக் கொடுத்தாலும் வேறு புள்ளி மழையில் தொடங்குவதால் வேறு படம் வரும். அந்தத் தொடக்கத்தைக் குறிக்கும் எண்ணுக்கு 'சீட்' என்று பெயர். அதை மாற்றாமல் நிலையாக வைத்துக்கொள்ளத் தளம் அனுமதித்தால், வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, அந்தச் சொல்லால் என்ன மாறியது என்று பார்க்கலாம். சீட்டும் மாறி, சொல்லும் மாறினால் எதனால் எது வந்தது என்றே தெரியாது. கிரெடிட் போகும், பாடமும் கிடைக்காது.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத கழிவு, ஒரு தடவைக்கு எத்தனை துண்டு என்ற அமைப்பு. கூகுளின் ஃப்ளோ தளத்தில் 2025-இல் ப்ரோ சந்தாதாரருக்கு மாதம் 1,000 கிரெடிட். வியோ 3-இன் உயர்தர வகையில் எட்டு விநாடித் துண்டு ஒன்றுக்கு 100. பத்துத் துண்டு கிடைக்கும் என்று நினைப்போம். ஆனால் ஒரே வாக்கியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகள் தரும் அமைப்பு அங்கே இருக்கிறது. அது இரண்டில் நின்றால் ஒவ்வொரு தடவையும் 200 போகும், ஐந்து தடவையோடு மாதம் முடிந்தது. எந்தத் தளமானாலும் முதல் வேலையைக் கொடுப்பதற்கு முன் இந்த எண்ணை ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். கூடவே பொத்தானின் ஓரத்தில் எழுதியிருக்கும் கிரெடிட் எண்ணையும் பாருங்கள். நீளம், தெளிவு, ஒலி என்று எதை மாற்றினாலும் அந்த எண் மாறும்.

சரி, அந்தப் பத்து ஷாட் விளம்பரத்தை ரன்வே விலையில் சிக்கனமாகச் செய்ய முடியுமா என்று தம்பி மகனோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம்.

முதல் முடிவு, அசைவுக்குப் போகும் முன் நிழற்படத்தைச் சரி செய்வது. முகம், விரல், பாத்திரம், வெளிச்சம் எல்லாம் நிழற்படத்திலேயே தெரிந்துவிடும். ஐந்து கிரெடிட்டில் பிடிக்கக்கூடிய தப்பை அறுபது கிரெடிட் கொடுத்துப் பிடிப்பானேன்? ஷாட்டுக்கு நான்கு படம் என்றால் 20. பத்து ஷாட்டுக்கு 200. உண்மையான கடையையே போனில் படமெடுத்து அதைக் கொடுத்தால் இந்த 200-லும் பெரும்பகுதி மிஞ்சும். இருந்தாலும் கணக்கில் அப்படியே வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, எல்லா ஷாட்டுக்கும் உயர்ந்த மாடல் தேவையில்லை. எட்டு ஷாட்டுக்கு டர்போ. ஐந்து விநாடிக்கு 25 கிரெடிட், மூன்று முயற்சிக்கு 75, எட்டு ஷாட்டுக்கு 600. முகம் அருகில் வரும் இரண்டு ஷாட்டுக்கு மட்டும் ஜென்-4. ஒரு முயற்சி 60, இரண்டு முயற்சி 120, இரண்டு ஷாட்டுக்கு 240. டர்போவில் ஒத்திகை பார்த்துவிட்டு ஜென்-4-இல் அதையே எடுக்கலாமே என்று அவன் கேட்டான். அசைவு எப்படி இருக்கும் என்று உத்தேசமாகத் தெரியும், ஆனால் அவை இரண்டும் வேறு வேறு மாடல்கள். டர்போவில் நன்றாக வந்தது அங்கே அப்படியே வராது. டர்போவில் நன்றாக வந்துவிட்டால் அதையே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பத்து விநாடித் துண்டுகளைத் தொடவே இல்லை. இரண்டு மடங்கு விலை என்பதற்காக மட்டுமல்ல. நேரம் போகப் போக முகம் நழுவும், சட்டையின் கட்டம் மாறும், பின்னால் இருந்த ஆள் காணாமல் போவார். ஏழாவது விநாடியில் கெட்டால் பத்து விநாடிக்கும் காசு போச்சு. ஐந்து விநாடித் துண்டு கெட்டால் ஐந்தோடு போகும்.

கடைசியில் கடைக்காரர் டிவியிலும் போட்டுப் பார்க்க ஆசைப்படுவார் என்பதால் 4K. பத்து துண்டு, ஐந்து விநாடி, விநாடிக்கு 2, ஆக 100.

எல்லாம் சேர்த்து 200, 600, 240, 100. மொத்தம் 1,140 கிரெடிட்.

ஸ்டாண்டர்டின் 625-இல் அடங்காது. ப்ரோவின் 2,250-இல் அடங்கும், ஆனால் கிட்டத்தட்டப் பாதி மாதக் கடைசியில் வீணாகும். அவன்தான் சொன்னான், "ரெண்டு மாசம் ஸ்டாண்டர்ட் கட்டினா என்ன?" முதல் மாதத்தில் நிழற்படம் முழுவதும் 200, டர்போவில் ஐந்து ஷாட் 375, மொத்தம் 575. இரண்டாம் மாதத்தில் மீதி மூன்று டர்போ ஷாட் 225, ஜென்-4 240, அப்ஸ்கேல் 100, மொத்தம் 565. இரண்டு மாதமும் வரம்புக்குள். 35 டாலருக்குப் பதில் 30 டாலர். நம் பணத்தில் 2,600 ரூபாய்க்கு மேல். கடைக்காரருக்கு அவசரமில்லை என்றால் இதுவே போதும்.

இதில் கவனிக்க வேண்டியது, முப்பது விநாடி விளம்பரத்துக்கு முப்பது டாலர். விநாடிக்கு ஒரு டாலர். விலைப் பக்கத்தை வகுத்துப் பார்த்தபோது வந்தது 12 சென்ட். நடுவில் யாரும் பொய் சொல்லவில்லை. உருவாக்கியது 140 விநாடி, அதில் தேறியது ஐம்பது, எடிட்டிங்கில் வெட்டி வைத்தது முப்பது. கூடவே நிழற்படத்துக்கும் அப்ஸ்கேலுக்கும் போனது. எட்டு மடங்கு இப்படித்தான் வந்தது. நீங்கள் எந்தத் தளத்தில் சேர்ந்தாலும் முதல் வேலை முடிந்ததும் இந்த ஒரு வகுத்தலைச் செய்யுங்கள்: கட்டிய பணத்தை, கடைசியில் வீடியோவில் நின்ற விநாடிகளால் வகுப்பது. இரண்டு தளங்களை ஒப்பிட அதைவிட நல்ல எண் கிடையாது. கிரெடிட் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு தளத்தின் 600 கிரெடிட்டும் இன்னொன்றின் 3,000 கிரெடிட்டும் ஒரே அளவு வீடியோவாக இருக்கலாம்.

அன்லிமிடெட் என்று ஒரு தட்டு இருக்கிறதே என்று கேட்பீர்கள். ரன்வேயில் அதற்கு மாதம் 95 டாலர். அதிலும் வேகமான வரிசைக்கு அதே 2,250 கிரெடிட்தான். 'எக்ஸ்ப்ளோர்' என்ற மெதுவான வரிசையில் மட்டும் கிரெடிட் கழியாமல் எடுத்துக்கொண்டே இருக்கலாம். கூட்டம் உள்ள நேரத்தில் காத்திருக்க வேண்டும். மாதம் ஐந்தாறு வாடிக்கையாளருக்குச் செய்பவர்களுக்கு அது லாபம், ஏனென்றால் ஆறு விரலுக்குக் காசு கிடையாது. ஒரு விளம்பரத்துக்காக வாங்குவது வீண்.

கணக்கு சரியாகத்தான் கழிகிறதா என்று சோதிப்பதும் நம் வேலை. தளத்தில் கிரெடிட் வரலாறு என்று ஒரு பக்கம் இருக்கும், தேடிக் கண்டுபிடித்து வையுங்கள். முதல் நாளே மிகக் குறைந்த விலைத் துண்டு ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் இருப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை நடுவில் நின்றுபோனால் மறுபடி அழுத்தாமல், திரையைப் படம் பிடித்து, நேரத்தையும் வேலை எண்ணையும் குறித்து எழுதிக் கேளுங்கள். 'சரியாக வரவில்லை' என்று எழுதினால் பதில் வராது, வந்தாலும் மறுப்பாக இருக்கும். 'இத்தனை மணிக்குக் கொடுத்த வேலைக்கு வீடியோ கோப்பே வரவில்லை, இத்தனை கிரெடிட் கழிந்திருக்கிறது' என்று எழுதினால் அவர்கள் விதிப்படியே திருப்ப வேண்டியிருக்கும். இந்த வேற்றுமை தெரியாததால் தம்பி மகன் முதல் தடவை எழுதிய மூன்று கடிதமும் வீணாயின. நான்காவதில், உண்மையாகவே நின்றுபோன ஒரு வேலையைத் தேடிப் பிடித்துக் கேட்டான். அதற்கு மட்டும் திரும்பி வந்தது.

பெயர்ப்பலகை விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். தமிழ் எழுத்தை ஏஐ வீடியோவில் வரவழைக்க அவன் பதினோரு துண்டு செலவழித்திருந்தான். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நிழற்படத்தில் சரியாக எழுதிக் கொடுத்தாலும் கேமரா அசைந்ததும் எழுத்து உருகத் தொடங்கிவிட்டது. அந்த முயற்சியை விட்டுவிடுங்கள். பலகையை வெறுமையாக வைத்துத் துண்டை எடுத்து, எழுத்தை எடிட்டிங்கில் மேலே ஒட்டினால் கிரெடிட்டே ஆகாது. காபி ஆற்றும் ஷாட்டையும் அவன் கடைசியில் கடை மாஸ்டரை நிற்கவைத்துப் போனிலேயே எடுத்தான். ஒரே டேக். மாஸ்டருக்கு ஐந்து விரல்தான்.

இப்போது இரண்டாவது விளம்பரம் வந்திருக்கிறது, ஒரு பூக்கடைக்கு. இந்த முறை அவன் இன்னும் சந்தா கட்டவில்லை. கடையைப் படமெடுத்துவிட்டான், ஷாட் பட்டியல் எழுதிவிட்டான், எந்த ஷாட்டைப் போனில் எடுப்பது, எதை ஏஐயிடம் விடுவது என்று பிரித்தும்விட்டான். மாதம் தொடங்குவது பணம் கட்டிய நாளிலிருந்துதான். நீங்களும் எழுத்தும் படமும் கையில் தயாரான பிறகே அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.